இடைத்தேர்வில் 75 எடுத்தவர் இறுதித் தேர்வில் எவ்வளவு எடுப்பார்? ஸ்கேன் செய்த கணக்கிலிருந்து விடை வரை

புள்ளியியல் படிக்கத் தொடங்கியவர்களின் கையில் எப்போதாவது ஒரு பழைய வினாத்தாள் வந்து சேரும். நகலின் நகலை ஸ்கேன் செய்த பிடிஎஃப். ஓரம் சாய்ந்திருக்கும், மேற்குறிகள் பாதி அழிந்திருக்கும். அதில் இப்படி ஒரு கணக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் நான் போட்டவை. கணக்கின் வடிவம் எல்லா வினாத்தாளுக்கும் பொதுவானது.

> ஒரு பாடத்தின் இடைத்தேர்வு மதிப்பெண் X, இறுதித் தேர்வு மதிப்பெண் Y. இரண்டும் சேர்ந்து இருமாறி இயல்நிலைப் பரவலில் அமைகின்றன: (X, Y) ~ N(60, 55, 100, 225, 0.6). (அ) இடைத்தேர்வில் 75 எடுத்த மாணவரின் இறுதித் தேர்வு மதிப்பெண்ணை முன்கணிக்க. (ஆ) அவர் 50-க்குக் குறைவாக எடுப்பதற்கான நிகழ்தகவு என்ன? (இ) இடைத்தேர்வில் 75 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களின் இறுதித் தேர்வுச் சராசரி என்ன?

விடைக்கு வேண்டிய சூத்திரம் ஒரே வரிதான். ஆனால் இந்தக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் சூத்திரத்தில் அல்ல. தாளிலுள்ள ஐந்து எண்களில் எது எது என்று படிப்பதில்தான். ஆகவே முதல் வேலை அதுவே.

தாளைப் படித்தல்

அடைப்புக்குள் உள்ள ஐந்து எண்களுக்கு ஒரு வழக்கமான வரிசை உண்டு. முதல் இரண்டும் சராசரிகள்: X-க்கு 60, Y-க்கு 55. அடுத்த இரண்டும் பரவற்படிகள், அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கங்கள். கடைசியில் ஒட்டுறவுக் கெழு ρ. ஆகவே 100 என்பது X-இன் திட்ட விலக்கம் அல்ல. அதன் வர்க்கமூலமான 10-தான் திட்ட விலக்கம். அதேபோல் Y-க்கு 225 அல்ல, 15.

சில ஆசிரியர்கள் இந்த வரிசையைப் பின்பற்றாமல் σ₁ = 10, σ₂ = 15 என்று திட்ட விலக்கத்தையே நேரடியாகக் கொடுப்பார்கள். நல்ல அச்சில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. ஸ்கேனில் அப்படியில்லை. σ²-இன் மேலிருக்கும் சிறிய 2 மறைந்துபோனால் "σ = 100" என்றே கண்ணுக்குத் தெரியும். தாளை விட்டுவிட்டுப் பொருளைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். இயல்நிலைப் பரவலில் ஏறக்குறைய எல்லா மதிப்புகளும் சராசரியிலிருந்து இருபுறமும் மூன்று திட்ட விலக்கங்களுக்குள் அடங்கிவிடும். திட்ட விலக்கம் 10 என்றால் இடைத்தேர்வு மதிப்பெண்கள் 30 முதல் 90 வரை பரவும், நம்பக்கூடிய வகுப்பு. திட்ட விலக்கம் 100 என்றால் அவை −240 முதல் 360 வரை போகும். நூற்றுக்கு நடத்திய தேர்வில் அது நடக்காது. எதிர்ப்பக்கமாகவும் சோதிக்கலாம். தாளில் 10 என்று தெளிவாக அச்சாகியிருக்க, அதைப் பரவற்படி என்று எண்ணி வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 3.16 ஆகிவிடும். அப்போது 75 என்ற மதிப்பெண் சராசரியிலிருந்து 4.7 திட்ட விலக்கங்கள் தள்ளி நிற்கும். அப்படியொரு மாணவர் லட்சத்தில் ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார். கணக்கு எழுதுகிறவர் அந்த மாணவரைப் பற்றிக் கேட்கமாட்டார்.

ρ-இலும் கண் வைக்க வேண்டும். மங்கிய அச்சில் அது ஆங்கில p போலத் தெரியும். நிகழ்தகவு என்று நினைத்துவிடக் கூடாது. அதன் மதிப்பு −1-க்கும் 1-க்கும் இடையில்தான் இருக்க முடியும். ஆகவே "ρ = 6" என்று தெரிந்தால் புள்ளி தொலைந்திருக்கிறது என்று பொருள். கழித்தல் குறி தொலைந்திருந்தால் அதை எந்த வரம்பும் காட்டிக்கொடுக்காது. பொருளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இரண்டு தேர்வு மதிப்பெண்கள் என்றால் நேர்குறி. வகுப்புக்கு வராத நாட்களும் மதிப்பெண்ணும் என்றால் எதிர்க்குறிதான் இருந்திருக்கும். 0.6-ஆ 0.5-ஆ என்று புரியாவிட்டால் ஒரு சிறு துப்பு உண்டு. கணக்கு அமைப்பவர்களுக்கு 0.6-உம் 0.8-உம் மிகப் பிடித்தமானவை. இவற்றுக்கு √(1 − ρ²) முழுமையாக 0.8, 0.6 என்று வந்துவிடும், மாணவருக்குக் கால்குலேட்டர் வேண்டாம். இது சான்று ஆகாது. ஆனாலும் மங்கிய எழுத்துக்கு முன் கைகொடுக்கும்.

சில தாள்களில் ρ-வே இருக்காது. இரண்டுக்கு இரண்டு அணி ஒன்று கொடுத்து மேல் வரிசையில் 100, 90 என்றும் கீழ் வரிசையில் 90, 225 என்றும் போட்டிருப்பார்கள். மூலைவிட்டத்தில் இருப்பவை பரவற்படிகள். இரண்டு முறை வரும் 90 உடன்மாறுபாடு. அதை இரு திட்ட விலக்கங்களின் பெருக்கற்பலனால் வகுத்தால் 90 ÷ (10 × 15) = 0.6. அதே கணக்குதான், வேறு உடையில்.

கடைசியாக ஒரு கோடு. P(Y < 50 | X = 75) என்பதன் நடுவிலுள்ள செங்குத்துக் கோடு "என்று தெரிந்திருக்கும்போது" என்று சொல்கிறது. ஸ்கேனில் அது 1 என்ற எண்ணாகவோ வெறும் இடைவெளியாகவோ மாறிவிடும். எழுத்துணரி மென்பொருளை நம்பி ஒட்டியெடுத்தால் நிச்சயம் கெடும். ஐந்து எண்களையும் கேள்வியையும் கையால் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது என்ன என்று ஒரு சொல் குறித்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

மதிப்பெண்ணை விட்டு, விலகலுக்கு வருதல்

75 என்ற எண் தனியாக எதையும் சொல்வதில்லை. சராசரியைவிட 15 அதிகம். திட்ட விலக்கம் 10 என்பதால் ஒன்றரை திட்ட விலக்கம் மேலே. இதுதான் திட்டமாக்கிய மதிப்பு:

z = (75 − 60) / 10 = 1.5

இனி முன்கணிப்பின் உயிர்நாடியான ஒரு படி வருகிறது. இறுதித் தேர்வில் இந்த மாணவர் எத்தனை திட்ட விலக்கம் மேலே இருப்பார் என்று எதிர்பார்க்கலாம்? 1.5 அல்ல. 1.5-ஐ ρ-ஆல் பெருக்க வேண்டும்:

0.6 × 1.5 = 0.9

இதை இறுதித் தேர்வின் அளவுகோலுக்கு மாற்றினால் 55 + 0.9 × 15 = 68.5. கேள்வி (அ)-வின் விடை இதுவே. ஒரே சூத்திரமாக எழுதினால்:

E[Y | X = x] = μ_Y + ρ (σ_Y / σ_X)(x − μ_X)

இங்கே சரிவு 0.6 × 15 / 10 = 0.9. இடைத்தேர்வில் ஒரு மதிப்பெண் கூடினால், எதிர்பார்க்கும் இறுதி மதிப்பெண் 0.9 கூடுகிறது.

திட்ட விலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் பரவற்படியைப் போட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று பார்த்துவிடுங்கள், அது கற்றுத்தரும். சரிவு 0.6 × 225 / 100 = 1.35 ஆகும், முன்கணிப்பு 55 + 1.35 × 15 = 75.25. எண் அழகாகத்தான் இருக்கிறது, அபத்தம் எதுவும் கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்தப் பிழை திருத்துபவர் கைக்குப் போகும் வரை உயிரோடு இருக்கிறது. இதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. கிடைத்த விடையை மீண்டும் திட்டமாக்குங்கள்: (75.25 − 55) / 15 = 1.35. இதைத் தொடங்கிய 1.5-ஆல் வகுத்தால் 0.9 வருகிறது. வந்திருக்க வேண்டியது ρ, அதாவது 0.6. சரியான விடையான 68.5-க்கு இதையே செய்தால் 0.9 / 1.5 = 0.6 என்று பொருந்திவிடும். இந்தச் சோதனையை ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் செய்யுங்கள்.

ஏன் 1.5 அல்ல, 0.9?

புதிதாகப் படிப்பவர்களுக்கு இதுதான் உறுத்தும். இடைத்தேர்வில் அவ்வளவு நன்றாக எழுதியவரை நாம் ஏன் கீழே இழுக்கிறோம்?

இருமாறி இயல்நிலைப் பரவலை இப்படிக் கட்டிப் பார்த்தால் விளங்கும். X-இன் திட்டமாக்கிய மதிப்பை Z என்போம். அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத மற்றொரு இயல்நிலை மாறியை W என்போம். அதற்கும் சராசரி 0, திட்ட விலக்கம் 1. இப்போது Y-இன் திட்டமாக்கிய மதிப்பு இப்படி உருவாகிறது:

Z_Y = ρ Z + √(1 − ρ²) W

நம் கணக்கில் இது 0.6 Z + 0.8 W. இறுதித் தேர்வில் ஒருவரின் இடம், இடைத்தேர்விலிருந்து வந்த ஒரு பங்காலும் புதிதாகச் சேர்ந்த ஒரு பங்காலும் ஆனது. புதிய பங்கு என்றால் அன்றைய கேள்வித்தாள், படித்த பாடம் வந்ததா இல்லையா, காய்ச்சல், தூக்கம் எல்லாமும்தான். பரவற்படியைக் கூட்டிப் பார்த்தால் 0.36 + 0.64 = 1; Y-இன் பரவல் கெடாமல் நிற்கிறது. 75 எடுத்தவரின் Z என்ன என்று நமக்குத் தெரியும், 1.5. W பற்றி எதுவும் தெரியாது, அதனால் அதன் சராசரியான 0-வைத்தான் எதிர்பார்க்க முடியும். மிஞ்சுவது 0.6 × 1.5. மாணவர் சோம்பேறியாகிவிடுவார் என்று யாரும் சொல்லவில்லை. இடைத்தேர்வின் 1.5-இல் ஒரு பகுதி அன்றைய அதிர்ஷ்டமும்தான், அது திரும்ப வரும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை, அவ்வளவே.

இந்த இழுப்பை எண்களோடு காட்டியவர் பிரான்சிஸ் கால்டன். 1886-இல் வெளியிட்ட கட்டுரையில் 205 பெற்றோர் இணைகளின் உயரங்களையும் வளர்ந்த அவர்களுடைய 928 பிள்ளைகளின் உயரங்களையும் திரட்டி வைத்திருந்தார். பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆண்களின் அளவுகோலுக்குக் கொண்டுவந்தார். பெற்றோரின் நடு உயரம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியதோ, அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் பிள்ளைகளின் சராசரி உயரம் விலகியது. நெட்டையானவர்களின் பிள்ளைகள் நெட்டைதான், ஆனால் அவ்வளவு நெட்டை அல்ல. குட்டையானவர்களுக்கும் அப்படியே, மேல்நோக்கி. தன் அட்டவணையில் ஒரே அளவு எண்ணிக்கை உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தபோது நீள்வட்டங்கள் கிடைத்தன. அந்த நீள்வட்டங்களுக்குப் பின்னாலுள்ள கணிதத்தை கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹாமில்டன் டிக்சனிடம் கேட்டு வாங்கினார். நாம் இன்று பயன்படுத்தும் பரவல் அதுவே.

நீள்வட்டத்தை ஒருமுறை வரைந்து பார்ப்பது நல்லது. பலர் முன்கணிப்புக் கோடு அதன் நீண்ட அச்சின் வழியே போகும் என்று நினைக்கிறார்கள். போகாது. நீள்வட்டத்தின் இடது, வலது விளிம்புகளில் செங்குத்தான தொடுகோடு தொடும் இரண்டு புள்ளிகளை இணையுங்கள். அதுதான் Y-ஐ X-இலிருந்து முன்கணிக்கும் தொடர்புப்போக்குக் கோடு. நீண்ட அச்சைவிட அது படுத்திருக்கும். X = 75-இல் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அது நீள்வட்டத்துக்குள் வெட்டும் துண்டின் நடுப்புள்ளியைப் பார்த்தால் அங்கே 68.5 இருக்கும்.

ஓர் எண் போதாது

68.5 என்று எழுதி நிறுத்திவிட்டால் பாதிக் கணக்குதான் முடிந்தது. அந்த எண்ணைச் சுற்றி எவ்வளவு சிதறல்? மேலே பார்த்த W-இன் பங்குதான் அது. X தெரிந்த பிறகு Y-இல் எஞ்சும் திட்ட விலக்கம்:

σ_Y √(1 − ρ²) = 15 × 0.8 = 12

அணி வடிவில் கணக்கு வந்திருந்தால் 225 − 90²/100 = 144, அதன் வர்க்கமூலம் 12. இரண்டு வழியிலும் ஒரே எண். ஒன்றால் மற்றதைச் சரிபார்க்கலாம்.

ஆக, இடைத்தேர்வில் 75 எடுத்தவர்களின் இறுதி மதிப்பெண்கள் சராசரி 68.5, திட்ட விலக்கம் 12 கொண்ட இயல்நிலைப் பரவலில் அமைகின்றன. அவர்களில் 95 சதவீதத்தினர் 68.5 ± 1.96 × 12-க்குள், அதாவது 45 முதல் 92 வரை இருப்பார்கள். அகலத்தைப் பாருங்கள். தோல்விக்குப் பக்கத்திலிருந்து வகுப்பின் முதல் மாணவர் வரை எல்லோரும் அதற்குள் அடங்குகிறார்கள். இடைத்தேர்வு மதிப்பெண்ணே தெரியாமல் ஊகித்திருந்தால் திட்ட விலக்கம் 15-ஆக இருந்திருக்கும். தெரிந்ததால் 12 ஆனது. 0.6 என்ற ஒட்டுறவு, கேட்பதற்கு வலுவானதாகத் தோன்றினாலும், சிதறலைக் குறைப்பது ஐந்தில் ஒரு பங்குதான். பாதியாகக் குறைக்க வேண்டுமானால் ρ சுமார் 0.87 ஆக இருக்க வேண்டும். 0.3 என்றால் குறைவு 5 சதவீதத்தைக்கூடத் தொடாது. மதிப்பெண்ணை வைத்து ஒரு தனி மாணவரின் எதிர்காலத்தைச் சொல்லிவிடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த √(1 − ρ²)-ஐ ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள்: 12 என்ற இந்தச் சிதறல் 75-க்கு மட்டும் உரியது அல்ல. 40 எடுத்தவருக்கும் 85 எடுத்தவருக்கும் அதே 12-தான். இருமாறி இயல்நிலைப் பரவலின் தனித்தன்மை இது. நிஜ மதிப்பெண் பட்டியல்கள் இதற்குக் கட்டுப்படுவதில்லை.

(ஆ): 50-க்குக் குறையும் வாய்ப்பு

இனி இது சாதாரண இயல்நிலை அட்டவணைக் கணக்கு. ஆனால் பயன்படுத்த வேண்டியவை புதிய சராசரியும் புதிய திட்ட விலக்கமும்:

z = (50 − 68.5) / 12 = −1.54

அட்டவணையில் −1.54-க்கு இடப்பக்கப் பரப்பு 0.0618. ஏறக்குறைய 6 சதவீதம்.

இங்கே வழக்கமாக நேரும் தவறு, சராசரியை 68.5 என்று மாற்றிவிட்டு, திட்ட விலக்கத்தைப் பழைய 15-ஆகவே விட்டுவிடுவது. அப்போது z = −1.23, விடை 0.109. ஏறக்குறைய இரண்டு மடங்கு பிழை, ஆனால் பார்வைக்கு நம்பும்படி இருக்கும். X பற்றி எதுவும் தெரியாத மாணவருக்கு இதே வாய்ப்பு என்ன என்று ஒப்பிட்டுக்கொள்வது நல்லது: (50 − 55) / 15 = −0.33, பரப்பு 0.37. முப்பத்தேழு சதவீதத்திலிருந்து ஆறாக இறங்கியிருக்கிறது. சிதறல் கொஞ்சமே சுருங்கினாலும் நடுப்புள்ளி 13.5 மதிப்பெண் நகர்ந்ததே பெரிய வேலையைச் செய்திருக்கிறது.

(இ): "75" வேறு, "75-க்கு மேல்" வேறு

மூன்றாவது கேள்வியைப் படித்தவுடன் (அ)-வின் விடையையே எழுதிவிடுவோர் உண்டு. 75 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களில் 76 எடுத்தவரும் இருக்கிறார், 88 எடுத்தவரும் இருக்கிறார். அவர்களின் இடைத்தேர்வுச் சராசரி 75-ஐவிட அதிகம். அதை முதலில் காண வேண்டும்.

இயல்நிலைப் பரவலில் ஒரு வரம்புக்கு மேலே உள்ளவர்களின் சராசரி z, அந்த வரம்பில் வளைவரையின் உயரத்தை, வரம்புக்கு மேலுள்ள பரப்பால் வகுத்தால் கிடைக்கும். z = 1.5-இல் உயரம் 0.1295, மேலுள்ள பரப்பு 0.0668. வகுத்தால் 1.94. ஆகவே அந்தக் குழுவின் இடைத்தேர்வுச் சராசரி 60 + 19.4 = 79.4. இதைத் தொடர்புப்போக்குக் கோட்டில் போட்டால் 55 + 0.9 × 19.4 = 72.5. (அ)-வைவிட நான்கு மதிப்பெண் அதிகம்.

கோடு நேர்கோடாக இருப்பதால்தான் சராசரியை அப்படியே அதில் போட முடிகிறது. நிகழ்தகவுக்கு அந்தச் சலுகை கிடையாது. "75-க்கு மேல் எடுத்தவர் 50-க்குக் குறைய வாய்ப்பு என்ன" என்று கேட்டால் 72.5-ஐயும் 12-ஐயும் வைத்து அட்டவணைக்குப் போகக் கூடாது. பல துண்டுகளைச் சேர்த்த கலவை என்பதால் அந்தக் குழுவின் Y இயல்நிலைப் பரவலில் அமைவதில்லை. அந்தக் கேள்விக்கு இருமாறி அட்டவணையோ கணினியோ வேண்டும்.

திரும்பிப் போக முடியாது

75-இலிருந்து 68.5 வந்தது. அப்படியானால் இறுதித் தேர்வில் 68.5 எடுத்த ஒருவர் இடைத்தேர்வில் 75 எடுத்திருப்பார் என்று சொல்லலாமா? கூடாது. X-ஐ Y-இலிருந்து முன்கணிக்க இடம்மாற்றி எழுதிய வேறொரு கோடு இருக்கிறது. சரிவு 0.6 × 10 / 15 = 0.4, விடை 60 + 0.4 × 13.5 = 65.4. இந்தத் திசையிலும் சராசரியை நோக்கி இழுப்பு உண்டு. கால்டனின் நீள்வட்டத்தில் இது மேல், கீழ் விளிம்புகளில் கிடைமட்டத் தொடுகோடு தொடும் புள்ளிகளை இணைக்கும் கோடு.

ஸ்கேனில் X எது Y எது என்று மாறிப்போனால் விழுவதும் இந்தக் குழியில்தான். இரு சரிவுகளையும் கணக்கிட்டு வைத்துக்கொண்டால் சரிபார்ப்பு எளிது: 0.9 × 0.4 = 0.36, அது ρ²-க்குச் சமமாக இருக்க வேண்டும். இருக்கிறது.

கேள்வி மதிப்பெண்ணாக வராமல் நூற்றுமானமாக வருவதும் உண்டு: "இடைத்தேர்வில் 93-ஆவது நூற்றுமானத்தில் இருப்பவர் இறுதியில் எங்கே இருப்பார்?" 93-ஐ 0.6-ஆல் பெருக்கி 56 என்று எழுதினால் தவறு. முதலில் நூற்றுமானத்தை z ஆக்க வேண்டும்: அட்டவணையில் 0.93-க்கு ஏறக்குறைய 1.48. அதை 0.6-ஆல் பெருக்கினால் 0.89. திரும்ப அட்டவணைக்குப் போனால் 0.813, அதாவது 81-ஆவது நூற்றுமானம். சராசரிகளும் திட்ட விலக்கங்களும் இந்தக் கேள்விக்குத் தேவையே இல்லை. தாளில் அவை அழிந்திருந்தாலும் விடை கிடைக்கும்.

கணினியில் சரிபார்த்தல்

பைத்தான் தெரிந்தவர்கள், மேலே Z, W வைத்துக் கட்டிய வாய்பாட்டை அப்படியே பத்து லட்சம் மாணவர்களாக உருவாக்கிப் பார்க்கலாம்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(7)
n = 1_000_000
zx = rng.standard_normal(n)
zy = 0.6*zx + 0.8*rng.standard_normal(n)
x, y = 60 + 10*zx, 55 + 15*zy
s = y[np.abs(x - 75) < 0.5]
print(len(s), s.mean(), s.std(), (s < 50).mean())
print(y[x >= 75].mean())
```

துல்லியமாக 75 எடுத்தவர் யாரும் இருக்கமாட்டார் என்பதால் 74.5-க்கும் 75.5-க்கும் இடைப்பட்டவர்களை எடுத்துக்கொள்கிறோம். அப்படிச் சுமார் 13,000 பேர் கிடைப்பார்கள். அவர்களின் சராசரி 68.5-ஐ ஒட்டியும், திட்ட விலக்கம் 12-ஐ ஒட்டியும், 50-க்குக் குறைந்தவர்களின் பங்கு 0.06-ஐ ஒட்டியும் வரும். கடைசி வரி 72.5-ஐ ஒட்டித் தரும். ஒன்றிரண்டு தசமங்கள் தள்ளாடினால் பரவாயில்லை. ஆனால் சராசரி 75 பக்கம் வந்தாலோ திட்ட விலக்கம் 15 வந்தாலோ தாளைத் திரும்ப எடுத்து ஐந்து எண்களையும் மறுபடி படியுங்கள்.

கணக்கு சொல்லாத ஒன்று

இடைத்தேர்வில் 95 எடுத்தவருக்கு இதே சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். z = 3.5; முன்கணிப்பு 55 + 0.9 × 35 = 86.5. இதில் குறையில்லை. 95 சதவீத வரம்பு கேட்டால் 63 முதல் 110. நூற்றுக்கு நடக்கும் தேர்வில் 110! அவர் 100-ஐத் தாண்டும் நிகழ்தகவைக் கேட்டால் சூத்திரம் கொஞ்சமும் கூசாமல் 13 சதவீதம் என்று சொல்லும். இயல்நிலைப் பரவலுக்கு மேல்வரம்பு கிடையாது, தேர்வுக்கு உண்டு. சராசரிக்குப் பக்கத்தில் இந்த முரண்பாடு கண்ணுக்குத் தெரியாது, ஓரங்களில் வெளிப்பட்டுவிடும்.

வினாத்தாளில் "இருமாறி இயல்நிலைப் பரவல்" என்று எழுதியிருந்தால் அதை ஏற்று 0.0618 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். அங்கே வாதத்துக்கு இடமில்லை. உங்கள் வகுப்பின் நிஜ மதிப்பெண் பட்டியலில் இதைப் பயன்படுத்த நினைத்தால் முதலில் சிதறல் வரைபடம் போடுங்கள். புள்ளிகள் 100-க்குப் பக்கத்தில் குவிந்திருக்கின்றனவா, ஒரு பக்கம் விசிறியாக விரிகின்றனவா, நடுவில் வளைகின்றனவா என்று பாருங்கள். குவிந்தும் விரிந்தும் இருந்தாலும் கோடு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். சராசரி முன்கணிப்பை நம்பலாம், அந்த 12-ஐ மட்டும் எல்லா இடத்துக்கும் பொதுவாக நீட்டாதீர்கள். வளைந்திருந்தால் கோடே தப்பு, 68.5-இலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.